மாத ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்க்கக் கோரி

அனுப்புநர்
இரா. கமலவல்லி,
உதவியாளர் (30.06.2025 அன்று ஓய்வு),
மேல வீதி, மன்னார்குடி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
ஓய்வூதியப் பிரிவு அலுவலர் அவர்கள்,
சென்னை.

வழி: அலுவலகத் தலைவர் அவர்கள்

நாள்: 11.06.2025

பொருள்: ஓய்வூதியம் – 30.06.2025 அன்று வயது முதிர்வில் ஓய்வு பெறும் உதவியாளர் – தகுதியுள்ள பணிக்காலம், கருத்தியலான ஊதிய உயர்வு – கணக்கீட்டைச் சரிபார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஓய்வூதிய ஒப்பளிப்பு ஆணை, நாள் 30.05.2025.
2. அரசாணை (நிலை) எண் 408, நிதித் துறை, நாள் 25.08.2009.
3. அரசாணை (நிலை) எண் 311, நிதித் துறை, நாள் 31.12.2014.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒப்பளிப்பு ஆணை கைக்கு வந்துவிட்டது. அதற்கு முதலில் என் நன்றி. ஆணையில் என் மாத ஓய்வூதியம் ரூ. 25,620 என்று இருக்கிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் கணக்குக்கு எடுத்துக்கொண்ட பணிக்காலமும் ஊதியமும் குறைவாக இருப்பதாகத் தெரிகிறது. அதைச் சரிபார்த்துத் தரவேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம்.

ஆணையின்படி என் கடைசி அடிப்படை ஊதியம் ரூ. 54,900. அதில் பாதி 27,450. கடைசி பத்து மாதங்களும் இதே ஊதியம்தான் என்பதால் சராசரி எடுத்தாலும் தொகை மாறாது. தகுதியுள்ள பணிக்காலம் 28 ஆண்டுகள், அதாவது 56 அரையாண்டுகள் என்று வைத்திருக்கிறார்கள். முழு ஓய்வூதியத்துக்கு 60 அரையாண்டுகள் வேண்டும். எனவே 27,450-ஐ 60-ஆல் வகுத்து 56-ஆல் பெருக்கினால் 25,620 வருகிறது.

இனி, விடுபட்டிருப்பது என்ன என்பதைச் சொல்கிறேன். நான் முறையான பணியில் சேர்ந்தது 01.07.1997 அன்று. அதற்கு முன் 01.07.1993 முதல் 30.06.1997 வரை நான்கு ஆண்டுகள் இதே துறையில் தொகுப்பூதியத்தில் முழுநேரப் பணியில் இருந்தேன். இடையில் ஒருநாள்கூட முறிவு இல்லை. தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ பணியாற்றி, 01.04.2003-க்கு முன் முறையான பணியில் ஈர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு அந்தப் பணிக்காலத்தில் பாதியைச் சேர்க்கலாம் என்பது பார்வை 2-இல் உள்ள ஆணை. அதன்படி எனக்கு இரண்டு ஆண்டுகள் சேர வேண்டும். 28-உடன் 2 சேர்ந்தால் 30, அதாவது 60 அரையாண்டுகள்.

எங்கள் அலுவலகத்திலிருந்து போன கருத்துருவின் நகலைப் பார்த்தேன். பணிக்கால அட்டவணை 01.07.1997-இல்தான் தொடங்குகிறது. தொகுப்பூதியக் காலத்துக்கென்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் பணிப்பதிவேட்டில் அது இருக்கிறது. முதல் தொகுதியின் மூன்றாம் பக்கத்தில், ஊதா மையில், நான்கு ஆண்டுகளுக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்புக் குறிப்பு எழுதி அப்போதைய அலுவலகத் தலைவர் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். முத்திரை கொஞ்சம் மங்கியிருக்கிறது, தேதியைப் படிக்க முடிகிறது. அந்தப் பக்கம் தங்கள் பார்வைக்கு வராமலே போயிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். வராத பக்கத்தைத் தங்கள் பிரிவு எப்படிக் கணக்கில் சேர்க்கும்?

அடுத்தது ஊதிய உயர்வு. என் ஆண்டு ஊதிய உயர்வு நாள் ஜூலை 1. நான் ஓய்வு பெறுவது ஜூன் 30. 01.07.2024 முதல் 30.06.2025 வரை ஓராண்டு முழுவதும் வேலை பார்த்து முடிக்கும்போது, அந்த ஆண்டுக்கான உயர்வு கிடைக்க ஒரே ஒரு நாள் குறைகிறது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பார்வை 3-இல் உள்ள ஆணை வந்தது. உயர்வு நாளுக்கு முந்தைய நாளில் வயது முதிர்வில் ஓய்வு பெறுபவருக்கு, ஓய்வூதியப் பயனுக்காக மட்டும் கருத்தியலாக ஓர் ஊதிய உயர்வு தரலாம் என்கிறது அது. உச்ச நீதிமன்றமும் 11.04.2023 தீர்ப்பில், ஓராண்டு நல்லபடியாகப் பணியாற்றியதால் ஈட்டிய உயர்வை மறுநாள் பணியில் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது என்று முடிவு செய்திருக்கிறது. ஊதிய அட்டவணையில் 54,900-க்கு அடுத்த நிலை 56,500. இது கருத்துருவிலும் இல்லை, ஆணையிலும் இல்லை.

இரண்டையும் சேர்த்தால் 56,500-இல் பாதி, முழு 60 அரையாண்டுகளுக்கு: ரூ. 28,250. இப்போதைய தொகையைவிட ரூ. 2,630 கூடுதல். இன்றைய 55 சதவீத அகவிலைப்படியையும் சேர்த்தால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம் வருகிறது. பெரிய சம்பளக்காரருக்கு இது சின்னத் தொகையாக இருக்கலாம். எனக்கு அது வீட்டு மளிகைச் செலவு. அகவிலைப்படி ஏற ஏற அந்த வித்தியாசமும் ஏறிக்கொண்டே போகும். எனக்குப் பிறகு என் கணவருக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் ஊதியத்தில் 30 சதவீதம் என்பதால், 16,470 என்று இருப்பது 16,950 ஆக வேண்டும்.

பணிக்கொடையையும் பார்க்க வேண்டுகிறேன். அரையாண்டுக்குக் கால் மாத ஊதியம் என்ற கணக்கில் 56 அரையாண்டுக்கு 14 மாத ஊதியம் போட்டிருக்கிறார்கள். 60 என்றால் 15 மாதம். கருத்தியலான உயர்வைச் சேர்க்காமல், 54,900-உம் அகவிலைப்படியும் சேர்ந்த ரூ. 85,095 என்றே வைத்தாலும், ஒரு மாத ஊதியம் முழுதாக விடுபட்டிருக்கிறது.

இதில் அவசரம் என்று ஒன்று உண்டு என்றால் அது கம்யூட்டேஷன்தான். மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெற விண்ணப்பித்திருக்கிறேன். இப்போதைய கணக்கில் ரூ. 8,540 அதற்குப் போகிறது. திருத்திய கணக்கில் அது ரூ. 9,416 ஆகும். குறைந்த தொகைக்குப் பணம் பட்டுவாடா ஆன பிறகு மீதிக்கு இன்னொரு ஆணை, இன்னொரு பட்டியல் என்று இழுக்கும். எனவே முடிந்தால் ஜூன் மாதத்துக்குள் இதைத் தீர்த்துத் தர வேண்டுகிறேன். கருவூலத்தில் கேட்டுப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆணையில் உள்ளதைத்தான் அவர்கள் வழங்க முடியும்.

பணியமைப்புப் பிரிவில் இருந்த காலத்தில் மற்றவர்களுக்கு நிறையக் கருத்துருக்கள் தயாரித்திருக்கிறேன். ஓய்வு பெறுபவர்களில் பாதிப்பேர் ஆணையில் வந்த தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள். கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது. அதனால் என் கணக்கைத் திருத்துவதோடு, அதன் கணக்கீட்டுத் தாளின் நகலையும் எனக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பணிக்காலமாக ஏற்கப்பட்டது, எந்த ஊதியம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது அதில் தெரிய வேண்டும். நான் சொன்னதில் ஏதாவது விதிப்படி ஏற்க முடியாதது என்றால், எந்த விதி தடுக்கிறது என்று குறிப்பிட்டுப் பதில் தந்தால் போதும், அதைப் படித்துப் புரிந்துகொள்வேன்.

பணிப்பதிவேட்டின் மூன்றாம் பக்க நகல், 1997-ஆம் ஆண்டு பணிவரன்முறை ஆணையின் நகல், 01.07.2024 ஊதிய உயர்வுப் பதிவின் நகல் மூன்றையும் அலுவலகத் தலைவரின் சான்றொப்பத்துடன் இணைத்துள்ளேன். அசல் பதிவேடு வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்திலிருந்து சிறப்புத் தூதர் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். 30.06.2025-க்குப் பிறகு வரும் கடிதங்களை மேலே உள்ள வீட்டு முகவரிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
இரா. கமலவல்லி
உதவியாளர்

நகல்: அலுவலகத் தலைவர் அவர்களுக்கு, திருத்திய கருத்துரு அனுப்ப வேண்டியிருந்தால் உடன் நடவடிக்கைக்காக.