கணக்கு முடக்கத்தை நீக்கக் கோரும் மேல்முறையீடு

அனுப்புநர்: மு. கதிரவன், ஆயர் ஈத்தாம், பினாங்கு
பெறுநர்: மேல்முறையீட்டுப் பிரிவு, இணைய விளையாட்டுச் சேவை
நாள்: 17 மார்ச் 2025
கணக்கின் பெயர்: kathir_pg_tanjung

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். அனுமதியற்ற துணைக்கருவியைப் பயன்படுத்தியதாகக் கூறி, மார்ச் 14 அன்று என் கணக்கை 60 நாள்களுக்கு முடக்கியிருக்கிறீர்கள். "மனிதக் கையால் இயலாத அளவுக்குச் சீரான பொத்தான் அழுத்தம்" என்பது உங்கள் அறிவிப்பில் உள்ள காரணம். கையால் இயலாது என்பது சரிதான். அந்தப் பொத்தானை அழுத்துவது என் வலது குதிகால்.

பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி என் வலக்கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன; மற்ற விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. சாதாரண கன்ட்ரோலரை இடக்கையில் பிடித்துக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கென்று உங்கள் நிறுவனமே விற்கும் கன்ட்ரோலர் வலது உள்ளங்கைக்கு அடியில் இருக்கும். அதன் 3.5 மி.மீ. துளையில் ஒரு கால் சுவிட்சை இணைத்திருக்கிறேன். கால்பந்து ஆட்டத்தில் ஓடுவதற்கான பொத்தானை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒருமுறை மிதித்தால் அழுத்தியபடியே நிற்கும், மறுமுறை மிதித்தால் விடும். இந்த வசதி உங்கள் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வெளியிலிருந்து எந்த மென்பொருளையும் ஏற்றவில்லை. அழுத்தம் சீராகத் தெரிவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதை வைத்துக்கொண்டு நான் எல்லாரையும் வென்று குவிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். என் ஆட்டப் பட்டியலைத் திறந்து பாருங்கள், தோல்விகள்தான் வரிசையாக நிற்கும். ஏமாற்றி விளையாடுபவன் இத்தனை கோல் வாங்கமாட்டான்.

முதலில் விண்ணப்பித்தபோது இரண்டே நிமிடத்தில் "முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது. அதற்குள் யாரும் என் விளக்கத்தைப் படித்திருக்க முடியாது. எனவே இம்முறை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை. என் கன்சோலுடன் எந்தக் கருவி இணைந்திருந்தது என்பது உங்கள் பதிவில் இருக்க வேண்டும்; அதன் தொடர் எண்ணை இத்துடன் உள்ள ரசீதோடு ஒப்பிட்டால் போதும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் மருத்துவக் கடிதம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை ஆகியவற்றின் நகல்களையும், மேசைக்கு அடியில் சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டும் படத்தையும் இணைத்திருக்கிறேன். விரும்பினால் காணொளி அழைப்பிலேயே விளையாடிக் காட்டுகிறேன்.

முடக்கத்தை நீக்குவதோடு, ஒழுங்கு மீறல் என்ற குறிப்பையும் என் கணக்கிலிருந்து அழிக்க வேண்டும். அது அப்படியே கிடந்தால் அடுத்த முறை நிரந்தரத் தடை வந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறது. ஆண்டுச் சந்தாவை ரிங்கிட்டில் முழுமையாகச் செலுத்தியிருக்கிறேன். வீணான நாள்களைச் சந்தாவில் கூட்டித் தாருங்கள்.

மறுத்தால், எந்த நாள், எந்த ஆட்டம், எந்தக் கருவி என்று எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போக நேர்ந்தால் அந்தக் கடிதம் எனக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
மு. கதிரவன்