நாலு பைசா

சம்பள ரன் விடியற்காலை நாலு மணிக்கு. அதற்கு முன்னால் எல்லாம் சரி என்று நான் சைன்ஆஃப் கொடுத்தாக வேண்டும். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

வெளியே ஐப்பசி மழை. டோல்கேட்டில் மெட்ரோ தூண்களைச் சுற்றித் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அதைக் கிழித்துக்கொண்டு போகும்போதெல்லாம் எங்கள் இரண்டாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழே டயர் கடை, நடுவில் ஒரு டியூஷன் சென்டர், மேலே நாங்கள் பதினாலு பேர். ராத்திரியில் மூன்றே பேர்: டெஸ்டிங்குக்கு நான், டெவலப்பர் அருண், டீம் லீட் பிரகாஷ் சார். மணலி, திருவொற்றியூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கான்ட்ராக்டருக்குச் சம்பளக் கணக்கு போடுவதுதான் எங்கள் பெரிய வேலை. 438 தொழிலாளர்கள். யார்டு சூப்பர்வைசர்கள் ஓ.டி. திருத்தத்தைக் கடைசி நிமிஷம் வரை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் ரன் எப்போதும் ராத்திரியில்தான்.

டெஸ்ட் எல்லாம் பச்சை. சைன்ஆஃப் போடுவதற்கு முன்னால் திறந்திருக்கிற புகார் டிக்கெட்டுகளை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். ஒன்றே ஒன்று இருந்தது. செப்டம்பர் ஓ.டி. குறைகிறது என்று ஒரு டேலி கிளார்க் புகார் கொடுத்திருந்தார். அவருடைய எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இது அவருடைய மூன்றாவது புகார். முதல் இரண்டும் மூடப்பட்டிருந்தன. ஆகஸ்டில் மூடியது நான். "சரிபார்க்கப்பட்டது, கணக்கு சரியாக உள்ளது" என்று என் கையால் அடித்திருந்தேன்.

இந்தத் தடவை அவர் ஒரு போட்டோ சேர்த்திருந்தார். ஒற்றைக்கோடு நோட்டின் ஒரு பக்கம், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். டேலி கிளார்க் என்றால் கன்டெய்னரில் ஏறுகிற இறங்குகிற பெட்டிகளை எண்ணி எழுதுகிறவர். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற பழக்கம் கையில் ஊறியிருக்கும். ஓ.டி. பார்த்த ராத்திரிகளையும் அப்படியே கட்டுக் கட்டாகப் போட்டிருந்தார். ஐந்து, ஐந்து, மூன்று. பதின்மூன்று ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரம், 52 மணி. அதன் கீழே பென்சிலில், மாதச் சம்பளத்தை 26 நாளாலும் எட்டு மணியாலும் வகுத்து, ஓ.டி.க்கு இரட்டிப்பாக்கி:

14350 ÷ 26 = 551.92
551.92 ÷ 8 = 68.99
68.99 × 2 = 137.98
137.98 × 52 = 7174.96

வந்தது 7072. குறைவு 102.96. அதன் அடியில் இரண்டு கோடு. அதற்கும் கீழே: "கம்ப்யூட்டர்ல போட்டதுதான் என்கிறார்கள். திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்க்கவும். ஏழுமலை."

செல்போன் கால்குலேட்டரை எடுத்து அவர் போட்ட வரிசையிலேயே போட்டேன். ஒவ்வொரு வரியும் சரி. அப்புறம் 7072-ஐ 52-ஆல் வகுத்தேன். 136. பாதியாக்கினால் 68. பைசா எங்கே போனது? 68.99 எப்படி 68 ஆகும்? ஒரு பைசா கூட்டினால் அறுபத்தொன்பது ஆகிற எண் அது.

சம்பளம் கணக்கிடுகிற புரொசீஜரைத் திறந்தேன்.

```sql
ot_rate := (gross / 26 / 8) * 2;
```

இந்த வரியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு ஒரு குற்றமும் இல்லாத வரி. `gross` என்ன டைப் என்று பார்த்ததும் வயிற்றில் ஏதோ இறங்கியது. இன்டீஜர். போஸ்ட்கிரெஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை அப்படியே வெட்டி எறிந்துவிடும். பக்கத்து எண்ணுக்குக் கூட்டாது, வெட்டத்தான் செய்யும். 551.92 வந்தால் 551. அதை எட்டால் வகுத்து 68.87 வந்தால் 68. வெட்டின பிறகு இரண்டால் பெருக்குவதால் இழப்பும் இரட்டிப்பு.

"அருண், இந்த `gross` ஃபீல்டு எப்பப்பா இன்டீஜர் ஆச்சு?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "ஏப்ரல்லக்கா. புது சம்பள ஃபைல் முழு ரூபாய்லதான் வருதுன்னு மாத்தினோம். ஏன்?"

"நான் டெஸ்ட் பண்ணேனா அதை?"

"நீங்கதான் பாஸ் பண்ணீங்க."

ஆமாம், நான்தான். என் டெஸ்ட் கேஸ்களில் மூன்று சம்பளம் இருந்தன: 10,400, 15,600, 20,800. மூன்றும் 208-இல் மீதியில்லாமல் வகுபடும். மணிக்கு 50, 75, 100. நடுராத்திரியில் மனக்கணக்காகச் சரிபார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நானே தேடி எடுத்த எண்கள். ஆகஸ்டில் அவர் புகார் வந்தபோதும் 20,800-ஐத்தான் போட்டுப் பார்த்தேன். அவருடைய சம்பளத்தைப் போடவில்லை. 208-இல் வகுபடுகிற சம்பளம் நிஜத்தில் எத்தனை பேருக்கு என்று எண்ணினேன். 438 பேரில் 26 பேர். மிச்சம் 412 பேருக்கும் ஒவ்வொரு ஓ.டி. மணிக்கும் சில பைசாவிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் வரை போய்க்கொண்டிருந்தது. அக்டோபருக்கு மட்டும் கூட்டினால் 18,640 ரூபாய்.

ஏழுமலைக்கு நூற்றுச் சொச்சம். அவருடைய ஓ.டி. ரேட்டில் அது முக்கால் மணி நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், சோடியம் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி எண்ணி நின்ற முக்கால் மணி நேரம்.

அருண் வரியைத் திருத்திப் பத்து நிமிஷத்தில் கொடுத்தான். `gross`-ஐ தசமமாக்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு தசமத்துக்கு ரவுண்டு பண்ணியிருந்தான். 14,350-ஐப் போட்டேன். 7174.96.

"அவர் நோட்டுல இருக்கறதேதான் வருதுக்கா. பாஸ் பண்ணிடுங்க."

பண்ணவில்லை. பேப்பரை எடுத்து நானே போட்டேன். 52 மணியை இரண்டால் பெருக்கினால் 104. 26-ஐ எட்டால் பெருக்கினால் 208. 208-இல் 104 என்பது சரிபாதி. 14,350-இல் பாதி 7,175. பைசா ஒட்டாத முழு ரூபாய். அவர் பாவம், ஒவ்வொரு படியிலும் இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொண்டதால் தன் பணத்தில் தானே நாலு பைசா குறைத்துக் கேட்டிருக்கிறார்.

"நாலு பைசா தானேக்கா."

"நாலு பைசா இல்ல அருண். முதல்ல பெருக்கு, கடைசியா வகு, ரவுண்டு ஒரே ஒரு தடவை. இடையில வெட்டினதாலதான் இவ்வளவும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு எழுதினான்.

```sql
ot_pay := ROUND(gross * 2 * ot_hours / (26 * 8), 2);
```

7175.00. இந்தத் தடவை என்னுடைய அழகான எண்களைத் தொடவே இல்லை. 438 பேருடைய நிஜச் சம்பளத்தையும் போட்டு, தனியாக ஒரு ஷீட்டில் கணக்கிட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டேன். முடிக்கும்போது மூன்றே கால். மழை விட்டிருந்தது. வாட்ச்மேன் தாத்தா கேட் பக்கம் வந்த சைக்கிள் டீக்காரரிடம் மூன்று கப் வாங்கி மேலே கொண்டுவந்து வைத்தார். என் டீ ஆடை படிந்து கிடந்தது.

பிரகாஷ் சார் முழுசையும் நின்றபடியே கேட்டார். டிசம்பரில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குக் கீழே பதினாலு குடும்பம். அது எனக்கும் தெரியும்.

"சரி மஞ்சுளா. இந்த மாசம் சரியா போகட்டும். நாலு மணின்னா அஞ்சு மணி ஆகட்டும், நான் சொல்லிக்கறேன். பழைய மாசத்தைக் கிளப்பணுமா?"

"ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆறு மாசம் சார். ஆளுக்கு ஆள் போட்டுட்டேன். ஒரு லட்சத்து ஏழாயிரம் வருது."

"நம்ம தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறோம்."

"நம்ம தப்புதானே சார். அவர் மூணு தடவை சொல்லியிருக்கார். ரெண்டு தடவை மூடினோம். ஒண்ணு நான்."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டுப் போட்டோவைப் பெரிதாக்கச் சொன்னார். ஐந்து, ஐந்து, மூன்று என்ற கோட்டுக் கட்டுகளை விரலால் தொட்டு எண்ணினார். அவருடைய அப்பா ராயபுரத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இப்போது ஒன்றும் பேசவில்லை.

"மெயில் என் பேர்ல போகட்டும். கிளையன்ட் உன்னைத் திட்ட வேணாம்."

"டெஸ்ட் பண்ணது நான் சார். என் பேரும் இருக்கட்டும்."

இரண்டு பேர் பெயரிலும் போனது. என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு எவ்வளவு நிலுவை, 412 வரிகளும் இணைப்பில். நிலுவையை நவம்பர் சம்பளத்தோடு தனி வரியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று பிரகாஷ் சாரே கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அனுப்பு பட்டனை அழுத்தும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் அழுத்திவிட்டார். கிளையன்ட் என்ன சொல்வார் என்பது பத்து மணிக்கு மேல்தான் தெரியும்.

ரன் ஐந்தேகாலுக்கு முடிந்தது. வங்கி ஃபைல் போய்ச் சேர்ந்தது. அருண் மேஜை மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். மேம்பாலத்தில் முதல் மெட்ரோ போகிற சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தேன். கடற்காற்றோடு காசிமேட்டு மீன் வாசமும் வந்தது.

பையை எடுப்பதற்கு முன்னால் மூடப்பட்டிருந்த இரண்டு டிக்கெட்டையும் திரும்பத் திறந்தேன். ஆகஸ்டில் நான் எழுதிய வரியை அழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மூன்றாவதில் பதில் எழுதினேன். இரண்டு முறை அழித்து எழுதிய பிறகு இப்படி நின்றது:

"ஏழுமலை அண்ணனுக்கு. திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பு எங்களுடையது, உங்கள் கணக்கில் இல்லை. ஏப்ரலிலிருந்து உங்களுக்கு வர வேண்டியதைக் கணக்கிட்டு அனுப்பியிருக்கிறோம். செப்டம்பருக்கு நீங்கள் 102 ரூபாய் 96 பைசா என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டியது 103 ரூபாய். நாலு பைசா விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்திருக்கிறேன். மஞ்சுளா, டெஸ்டிங்."