பொருள்: ஜூன் 14 பிறந்தநாள் விழா – 70 பேருக்கான கேக்கின் அளவு, துண்டுகள், விலை

அன்புள்ள திருமதி சங்கீதா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு என்னிடம் கேக் செய்யச் சொல்லிக் கேட்டதற்கு மிக்க நன்றி. 2026 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணிக்கு கே.கே. நகர் மண்டபத்தில் கேக் வெட்டுவதாகவும், பெரியவர்கள் 55 பேர், குழந்தைகள் 15 பேர் என மொத்தம் 70 பேர் வருவார்கள் என்றும், கேக் வெட்டியதும் இரவு விருந்து இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். யானைக்குட்டி பொம்மைகள் வைத்த இரண்டு அடுக்கு எக்லெஸ் கேக் வேண்டும் என்பதையும், "பத்துப் பேருக்கு ஒரு கிலோ கணக்கில் ஏழு கிலோ வேண்டியிருக்குமா?" என்ற தங்கள் கேள்வியையும் குறித்துக்கொண்டேன்.

ஏழு கிலோ வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு கிலோ என்றால் ஆளுக்கு நூறு கிராம். சாயங்காலம் கேக்கும் மிக்சரும் காபியும் மட்டும் கொடுத்து அனுப்பும் வீட்டு விழாவுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும். தங்கள் விருந்திலோ பாயசமும் ஐஸ்கிரீமும் இருக்கின்றன. அடுத்த அரை மணி நேரத்தில் பந்தியில் உட்காரப் போகிறவர்கள் நூறு கிராம் கிரீம் கேக்கைப் பாதி தின்றுவிட்டுத் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுவதை நான் பல விழாக்களில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு எழுபது கிராம் அளவிலான துண்டு ஒன்று போதும்.

எடை என்பது நான் விலை போடுவதற்கான கணக்கு. எத்தனை பேருக்கு வரும் என்பதை அங்குலமும் கத்தியும்தான் தீர்மானிக்கின்றன. நான்கு அங்குல உயரமுள்ள கேக்கை ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளத்தில் வெட்டினால் கிடைப்பதுதான் நான் சொல்லும் எழுபது கிராம் துண்டு. தட்டில் படுக்க வைத்தால் பார்வைக்கும் குறைவாகத் தெரியாது. இந்த அளவில், ஆறு அங்குல வட்டக் கேக்கில் (ஏறத்தாழ ஒரு கிலோ) 12 துண்டுகளும், எட்டு அங்குல வட்டக் கேக்கில் (ஏறத்தாழ 1.8 கிலோ) 24 துண்டுகளும், பத்து அங்குலத்தில் (ஏறத்தாழ 2.8 கிலோ) 38 துண்டுகளும் வரும். எட்டுக்கும் பத்துக்கும் இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு 50 சதுர அங்குலம், பத்து அங்குல வட்டத்தின் பரப்பு 78 சதுர அங்குலம் என்பதால், அந்த இரண்டு அங்குலத்திலேயே பதினான்கு பேருக்கான கேக் கூடிவிடுகிறது.

தாங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஆறு அங்குலம் மேலேயும் எட்டு அங்குலம் கீழேயுமாக அடுக்கிய கேக். அதில் 36 துண்டுகள்தான் வரும். எனவே அது மட்டும் 70 பேருக்குப் போதாது. இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மேடையில் வைக்க அதே இரண்டு அடுக்குக் கேக்கைச் செய்துகொண்டு, மீதிப் பேருக்காக அலங்காரம் இல்லாத சதுர ஷீட் கேக் ஒன்றைத் தனியாகச் செய்வது. பன்னிரண்டு அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம் என்று செய்தால், இரண்டு அங்குலச் சதுரத் துண்டுகளாக 36 வரும். ஒவ்வொன்றும் அடுக்குக் கேக்கின் துண்டுக்குச் சமமான அளவுதான். இரண்டும் சேர்த்து 72. ஷீட் கேக்கைப் பரிமாறும் இடத்திலேயே வைத்து முன்கூட்டி வெட்டித் தட்டுகளில் எடுத்து வைத்துவிடலாம் என்பதால், மேடையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே விருந்தினர் கைக்குக் கேக் போய்விடும்.

இதன் விலை விவரம்:
அடுக்குக் கேக், எக்லெஸ், விப்பிங் கிரீம் பூச்சு, 3 கிலோ, கிலோவுக்கு ரூ. 1,200 வீதம் – ரூ. 3,600
ஃபாண்டன்ட் பொம்மைகள் (இரண்டு யானைக்குட்டிகள், பலூன்கள், பெயர்ப்பலகை) – ரூ. 1,200
அடிப்பலகையும் அடுக்கைத் தாங்கும் குச்சிகளும் – ரூ. 400
ஷீட் கேக், எக்லெஸ், 2.5 கிலோ, கிலோவுக்கு ரூ. 850 வீதம் – ரூ. 2,125
திருநகரிலிருந்து மண்டபம் வரை கொண்டுவந்து வைக்க – ரூ. 400
மொத்தம் – ரூ. 7,725

எக்லெஸுக்கான கூடுதல் செலவு இந்த விலையிலேயே அடங்கிவிட்டது. கிலோக் கணக்கில் நான் எடை போடுவது கேக்கையும் கிரீமையும் மட்டுமே. பொம்மைகளையும் பலகையையும் எடையில் சேர்ப்பதில்லை. வேறு இடத்தில் விலை விசாரித்தால் இதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஃபாண்டன்ட் கனமான சர்க்கரைப் பண்டம்; அதையும் எடையில் சேர்த்தால் தாங்கள் கேக்கின் விலை கொடுத்துப் பொம்மை வாங்கியதாக ஆகிவிடும்.

இரண்டாவது வழி, பத்து, எட்டு, ஆறு என மூன்று அடுக்காகச் செய்வது. இதில் 74 துண்டுகள் வரும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். 5.5 கிலோவுக்கு ரூ. 6,600, பொம்மைகளுக்கு ரூ. 1,200, பலகைக்கும் குச்சிகளுக்கும் ரூ. 800, தனித்தனியாகக் கொண்டுவந்து மண்டபத்தில் அடுக்கித் தருவதற்கு ரூ. 600 என்று மொத்தம் ரூ. 9,200 ஆகும். பெரிய மேடை, பெரிய குடும்பப் புகைப்படம் என்று தாங்கள் திட்டமிட்டிருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால் முதல் வழியையே சொல்வேன். ரூ. 1,475 மிச்சமாகிறது என்பது ஒன்று. மூன்று அடுக்கையும் இறக்கி, குச்சிகளை உருவி, 74 துண்டுகளாக வெட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று.

சுவையைப் பொறுத்தவரை, எல்லாமே சாக்லேட் வேண்டாம் என்பது என் யோசனை. குழந்தைகளுக்கு எட்டு அங்குல அடுக்கில் சாக்லேட், மேலே ஆறு அங்குலத்தில் வெனிலா, ஷீட் கேக்கில் மாம்பழம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் நல்ல பங்கனப்பள்ளி கிடைக்கும். வயதானவர்கள் சாக்லேட்டைவிட அதை விரும்பிச் சாப்பிடுவார்கள். மாம்பழத்தை அடுக்குக் கேக்கில் வைக்க மாட்டேன், ஏனென்றால் பழத்தின் ஈரத்தில் கிரீம் இளகி, மேலடுக்கின் பாரத்தில் கேக் ஒரு பக்கமாகச் சரியும். ஷீட் கேக்குக்கு அந்தப் பயம் இல்லை. விலையில் மாற்றம் இல்லை.

கேக் முழுவதையும் ஃபாண்டன்ட்டால் போர்த்தித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மதுரை வெயிலுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் கோத்துப் பிசுபிசுப்பாகிவிடும். பெரும்பாலானவர்கள் அதை உரித்துத் தட்டில் ஒதுக்கியும் விடுவார்கள். பொம்மைகளை மட்டும் நான்கு நாள் முன்பே செய்து காயவைத்துவிடுவேன். அவற்றுக்குள் பல்குச்சிகள் இருக்கும். குழந்தைகள் கையில் கொடுப்பதற்கு முன் அவற்றை அவசியம் உருவிவிடுங்கள்.

வெட்டும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு வீட்டு விழாவில், நாற்பது பேருக்குச் சரியாக வரும் என்று நான் செய்து கொடுத்த கேக்கை முக்கோணத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர்களுக்குக் கேக் இல்லை. வெட்டும் விதத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதனால், எட்டு அங்குல அடுக்கில் முதலில் குச்சிகளை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வட்டமாக ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். அந்த வெளி வளையத்தில் 18 துண்டுகளும், நடுவில் மிஞ்சும் நான்கு அங்குல வட்டத்தில் 6 துண்டுகளும் போடலாம். ஆறு அங்குல அடுக்கிலும் அதேபோல் வெளி வளையத்தில் 12 துண்டுகள் போட்டால், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சிறு வட்டம் மிஞ்சும். அது கணக்கில் இல்லை. அன்று முழுவதும் ஓடிக்கொண்டிருக்கப் போகும் தாங்களும் தங்கள் கணவரும் இரவில் சாப்பிட வைத்துக்கொள்ளலாம். பெட்டியுடன் வெட்டும் முறையைப் படமாக வரைந்து ஒரு தாளும் வைத்து அனுப்புவேன். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் துண்டுகள் உடையாமல் வரும்.

விடை தெரிய வேண்டியவை இரண்டு உள்ளன. 70 என்ற எண்ணிக்கையில் புகைப்படக்காரர், சமையல்காரர்கள், மண்டபத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்திருக்கிறார்களா? பெரும்பாலும் இவர்களை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் கேக் கொடுக்காமலும் இருக்க முடியாது. நான்கைந்து பேர் என்றால் 72 துண்டுகளிலேயே சமாளித்துவிடலாம், ஏனென்றால் எழுபது பேரும் கேக் எடுத்துக்கொள்ளும் விழா அரிது. பத்துப் பேர் கூடினால் அரைக் கிலோவில் ஒரு சிறிய ஷீட் கேக்கை ரூ. 425-க்குச் சேர்த்துத் தருகிறேன். அதில் ஏழு துண்டுகள் வரும். அடுத்து, மேடை இருக்கும் கூடத்தில் ஏசி உண்டா? இல்லையென்றால் கேக்கை 5 மணிக்குப் பதிலாக 6 மணிக்குக் கொண்டுவருகிறேன், விப்பிங் கிரீமை வெளியில் அதிக நேரம் வைப்பது நல்லதல்ல.

ஜூன் 5-ஆம் தேதிக்குள் தாங்கள் முடிவைச் சொல்லிவிட்டால் தேதியை உறுதி செய்துகொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதைத் தவிர இன்னும் ஒரே ஓர் ஆர்டர் மட்டும் எடுப்பதாக இருக்கிறேன். முதல் வழியாக இருந்தால் முன்பணம் ரூ. 3,800, மீதி ரூ. 3,925-ஐக் கேக்கைப் பெற்றுக்கொள்ளும்போது கொடுத்தால் போதும். எண்ணிக்கையில் மாற்றம் இருந்தால் ஜூன் 10 வரை சொல்லலாம். ஏதேனும் காரணத்தால் விழா தள்ளிப்போனால் ஜூன் 9-க்குள் தெரிவியுங்கள், முன்பணத்தை முழுவதும் திருப்பித் தருகிறேன். அதன் பிறகு என்றால், பொம்மைகளுக்கான ரூ. 1,200-ஐ மட்டும் கழித்துக்கொள்வேன். பில்லில் என் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் இருக்கும், ஜி.எஸ்.டி. எதுவும் தனியாகச் சேராது.

பெயர்ப்பலகையில் குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா என்பதையும், எழுத்துகளைச் சரிபார்த்து, பதில் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் தவறாகக் கேட்டுவிட வாய்ப்பிருக்கிறது.

அன்புடன்,
ரேவதி
திருநகர், மதுரை
28.05.2026