விலை, படம், தடை: புகைப்பழக்கத்தைக் குறைப்பது எது?

சிகரெட் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு பணக்கார நாடுகளில் சுமார் 4 சதவீதமும், மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும். உலக சுகாதார நிறுவனமே எடுத்தாளும் கணக்கு இது. ஆனால் புகைப்பவர்களின் தொகையும் அதே அளவு குறையும் என்று எழுதினால் தவறாகிவிடும். அந்தக் குறைவில் ஏறத்தாழப் பாதி, பழக்கத்தை விடாமல் நாளுக்கு ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்பவர்களால் வருவது. விட்டவர்களாலும் தொடங்காதவர்களாலும் வருவது மீதிப் பாதிதான். 100 பேரில் 25 பேர் புகைக்கும் நாட்டில் இத்தகைய விலையேற்றம் ஒன்று அந்த 25-ஐ ஏறக்குறைய 24.5 ஆக்கும், அவ்வளவே.

அதனால்தான் வரியைச் சில்லறையாக உயர்த்துவதில் பயனில்லை என்கிறேன். பணவீக்கமும் சம்பள உயர்வும் அதை விழுங்கிவிடும். பிரான்ஸ் 1990 முதல் 2005 வரை பணவீக்கத்தைக் கழித்தும் சிகரெட் விலையை மூன்று மடங்காக்கியது. அங்கே நுகர்வு ஏறத்தாழப் பாதியானது. இன்னொரு ஓட்டை, விலைக்கேற்ற விகித வரி. மலிவான சிகரெட்டுக்கு வரியும் குறைவாக விழுவதால், புகைப்பவர் விடாமல் மலிவு ரகத்துக்குத் தாவுகிறார். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று வரி போட்டால் அந்த வழி பெருமளவு அடைபடும். வரிச்சுமை ஏழைகள் மேல் விழுகிறதே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விலை ஏறும்போது அதிகம் விடுபவர்களும் அவர்களே, இளைஞர்களும் அப்படித்தான். தொடர்ந்து புகைக்கும் ஏழைகளுக்கு, விடுவதற்கான இலவச சிகிச்சையை அந்த வரிப்பணத்திலிருந்தே அரசு தரவேண்டும்.

படத்துடன் கூடிய எச்சரிக்கையை 2001-இல் முதன்முதலில் கனடா கட்டாயமாக்கியது. நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவர் ஆண்டுக்கு 7,300 முறை பெட்டியை எடுக்கிறார். எந்த விளம்பரத்துக்கும் இத்தனை பார்வை கிடைக்காது. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தைப் படங்கள் கூட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வரி உயர்வோடும் தடையோடும் சேர்ந்தே வருவதால், புகைப்போர் விகிதம் குறைந்ததில் படத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே படம் பழகியும் போகும், அதனால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

பொது இடத் தடைக்குச் சான்று வலுவானது. பணியிடங்களை முற்றிலும் புகையில்லாததாக்கினால் ஊழியர்களிடையே புகைப்போர் விகிதம் 3.8 சதவீதப் புள்ளி குறைகிறது, தொடர்பவர்களும் நாளுக்கு மூன்று சிகரெட் குறைக்கிறார்கள் என்று 2002-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. 2004 மார்ச்சில் அயர்லாந்து மதுக்கூடங்கள் உட்பட ஏறத்தாழ எல்லா உள்ளரங்கப் பணியிடங்களிலும் புகையைத் தடுத்தது. அதுவரை, கோப்பை கழுவும் ஊழியர் வேலை நேரம் முழுக்க அடுத்தவர் புகையைத்தான் சுவாசித்தார்.

ஸ்காட்லாந்து 2006-இல் தடை கொண்டுவந்தபின், ஒன்பது மருத்துவமனைகளில் கடும் இதயப் பாதிப்போடு சேர்ந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தனர். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள். புகைப்போர் விகிதத்தை மட்டும் காட்டும் வரைபடத்தில் இவர்கள் ஒருவரும் தெரியமாட்டார்கள்.