நன்கொடையாளர் நம்பிக்கைக்கான அடையாள உத்தி: அறங்காவலர் குழுவின் பரிசீலனைக்கு

கோத்தகிரியில் சோலைக்காடுகளை மீட்டு வரும் நம் அறக்கட்டளைக்கு விற்பதற்குப் பொருள் ஏதும் இல்லை; கொடுத்த பணம் என்ன ஆனது என்று நன்கொடையாளர் கேட்கும்போது நாம் தரும் விடையே நமது அடையாளம். ஆகவே புதிய சின்னத்துக்கென ஒதுக்க எண்ணிய தொகையை, கணக்கையும் களநிலையையும் வெளியிடும் பணிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.

நமது வாக்குறுதி ஒன்றே: எத்தனை கன்றுகள் பிழைத்தன என்பதைச் சொல்வோம். சீகை மரங்களை அகற்றிய சரிவில் ஒரு நாவல் இனக் கன்று உறைபனியையும் காட்டுமாடுகளையும் தாண்டி நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், நடவு நாளன்று எடுத்த படம் எதையும் மெய்ப்பிக்காது. ஆகவே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் உறைபனி கழிந்ததும், ஒவ்வொரு நிலத்துண்டையும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, கருகிய கன்றுகளின் எண்ணிக்கையோடு அனுப்புவோம். இத்தகைய கடிதம் நன்கொடையைக் குறைக்கும் என்ற அச்சம் குழுவில் இருப்பதை அறிவேன்; மறைத்தது பின்னர் தெரியவந்தால் நேரும் இழப்பு அதைவிடப் பெரிது.

'பழங்குடியினரைக் காப்போம்' போன்ற சொற்கள் வேண்டாம். நாற்றங்காலில் பணிபுரியும் இருளர், குறும்பர் பெண்கள் ஊதியம் பெறும் வல்லுநர்கள்; இசைவின்றி அவர்களின் முகங்களை எங்கும் பயன்படுத்தக் கூடாது.

80ஜி ரசீது உடனடியாகவும், படிவம் 10பிஇ சான்றிதழ் மே 31க்குள்ளும் சென்று சேர வேண்டும். நிர்வாகச் செலவை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுவோம். மறு ஆண்டும் கொடுக்க முன்வருவோரின் விகிதமே நமது அளவுகோலாக இருக்கட்டும்.