பரிந்துரைக்கு நன்றி, வேலை கிடைத்துவிட்டது

வணக்கம் சார்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராகத் திங்கட்கிழமை சேருகிறேன்.

நான் கையெழுத்திட்டு அனுப்பிய சரக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று அவர்களிடம் சொன்னீர்களாம். மேலாளரே சொன்னார். அதன்பின் என்னிடம் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள்! பேரனின் காதுகுத்து விழாவுக்கு நடுவே அந்த அழைப்பை எடுத்துப் பேசியிருக்கிறீர்கள். மிக்க நன்றி சார்.

சென்னையிலிருந்தும் ஒரு வாய்ப்பு வந்தது. சம்பளம் கூடுதல்தான், வாடகை அதை விழுங்கிவிடும். இங்கே திருமங்கலம் பஸ்ஸில் ஏறினால் போதும். அம்மாவுக்கும் நிம்மதி. (இரவு ஷிப்ட் உண்டு என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.)

ஞாயிறு மாலை வீட்டில் இருப்பீர்களா? நேரில் வந்து பார்க்கிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கவிதா