விடுப்புக் கடிதம் (இறந்தகாலப் பயிற்சிக்கான வாசிப்பு)

எது முதலில் நடந்தது, எது அதற்கு முன்பே நடந்திருந்தது, எது நடந்துகொண்டிருந்தது என்று வினைச்சொற்களைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். இந்தக் கடிதத்தில் அந்த வரிசைதான் முக்கியம்.

---

வணக்கம் டீச்சர்,

நான் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் கவினின் அம்மா. போன திங்கட்கிழமை முதல் நேற்று செவ்வாய் வரை கவின் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்குச் சின்னம்மை போட்டிருந்தது. இப்போது குணமாகிவிட்டது, இன்று அவனே இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்திருக்கிறான், டாக்டர் கொடுத்த சான்றிதழையும் கூடவே வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். ஆனால் வருகைப் பதிவேட்டில் "தகவல் தெரிவிக்காமல் விடுப்பு" என்று பதிவாகியிருப்பதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது, அது சரியில்லை என்பதால் நடந்ததை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். விளையாட்டு நேரத்தில் முழுக்க ஓடியிருக்கிறான், சாயங்காலம் சட்டையெல்லாம் மண்ணோடு வந்தான். சனிக்கிழமை கொஞ்சம் சோர்வாக இருந்தான், வெயிலில் ஆடிய அலுப்பு என்று நினைத்தோம். ஞாயிறு ராத்திரி பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நடுநடுவே பென்சிலின் பின்பக்கத்தால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். என்னடா என்று காலரை விலக்கிப் பார்த்தேன், இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கொசு கடித்திருக்கும் என்று அவனே சொன்னான். படுக்கப் போகும்போது உடம்பு லேசாகச் சுட்டது.

திங்கள் காலையில் அவனைக் குளிக்க வைக்கச் சட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் புள்ளிகள் பரவியிருந்தன. சில வெறும் சிவப்பாக இருந்தன, சில அதற்குள் நீர் கோத்துக் கொப்புளமாகிவிட்டிருந்தன, தலைமுடிக்குள்கூட ஒன்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு முதல் நாள்தான் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேரம் ஆடியிருந்தார்கள். அதனால் பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

உடனே பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதல் மணி இன்னும் அடித்திருக்கவில்லை, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எடுத்தவரிடம் கவினின் பெயர், வகுப்பு, பிரிவு மூன்றையும் சொன்னேன், அம்மையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம், டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னேன். "சரி, வகுப்பில் சொல்லிவிடுகிறேன்" என்றார். அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தீர்கள் என்பதும், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் பதிவேடு எடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எழுத்திலும் ஒன்று கொடுத்தனுப்பியிருப்பேன்.

டாக்டர் பார்த்த மாத்திரத்திலேயே சின்னம்மைதான் என்று உறுதி செய்தார். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருந்தோமே என்று கேட்டேன். போட்டிருந்தாலும் சிலருக்கு வருவதுண்டு, ஆனால் கொப்புளங்கள் குறைவாக இருக்கும், காய்ச்சலும் அதிகம் ஏறாது என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பட்ட பாட்டில் பாதிகூட இவன் படவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குக் கேலமைன் தடவச் சொன்னார். ஆஸ்பிரின் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார், அம்மை போட்ட பிள்ளைகளுக்கு அது கல்லீரலையும் மூளையையும் பாதிக்கக்கூடிய ஆபத்தை உண்டாக்குமாம். எப்போது பள்ளிக்கு அனுப்பலாம் என்று கேட்டதற்கு, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டி, ஒரு நாள் முழுக்கப் புதிதாக எதுவும் வராமல் இருந்த பிறகுதான் என்று சொன்னார்.

அங்கிருந்து வெளியே வரும்போதுதான் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது மற்றவர்களுக்குத் தொற்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமையே அவனிடமிருந்து பரவியிருக்க வாய்ப்பு இருந்தது. உங்கள் துணை ஆசிரியை கருவுற்றிருப்பதாகக் கவின் முன்பே சொல்லியிருந்தான், அன்று அறிவியல் படம் வரையும்போது அவர் இவன் குழுவோடுதான் உட்கார்ந்திருந்தாராம். ஏற்கெனவே அம்மை வந்தவர்களும் தடுப்பூசி போட்டவர்களும் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை, இரண்டும் இல்லாத கர்ப்பிணிகள் மட்டும் தாமதிக்காமல் தங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், பாதுகாப்புக்குப் போடும் ஊசியைத் தொற்றுப் பட்ட பத்து நாளுக்குள் போட வேண்டும். அதனால் வழியிலேயே மறுபடி போன் செய்து இதையும் சொன்னேன். இந்த முறை வேறு ஒருவர் எடுத்தார், "குறித்துக்கொண்டேன்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம், கவின் தூங்கிக்கொண்டிருந்தபோது, பள்ளியிலிருந்து அந்தக் குறுஞ்செய்தி வந்தது: நான்கு நாட்கள் தகவல் தெரிவிக்காமல் விடுப்பு. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட, நான் சொன்னது யாருக்குமே போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவு விட்டுப்போனதற்காக நான் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாம், கருவுற்றிருக்கும் அந்த டீச்சருக்கோ நாள் போய்க்கொண்டிருந்தது. உடனே கூப்பிட்டேன், கொஞ்சம் குரல் உயர்த்தித்தான் பேசினேன். சாயங்காலம் அந்த டீச்சரே என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்ததாம், இருந்தாலும் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டதாகவும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதற்கப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, கவின் எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டார்.

அவன் எப்படி இருந்தான் என்றால், முதல் மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. அரிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வான், தடவிவிட்டால் படுப்பான், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துவிடுவான். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதே என்று அவன் தூங்கும்போது அவன் அப்பா டார்ச் வெளிச்சத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், சுண்டுவிரலுக்கு வரும்போது விழித்துக்கொண்டு "அதை விட்டுடுங்கப்பா, ஒண்ணாவது இருக்கட்டும்" என்று கெஞ்சினான். அது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், அதையும் வெட்டிவிட்டார். அப்புறம் கைகளில் பள்ளிச் சாக்ஸை மாட்டிவிட்டோம். காலையில் பார்த்தால் இரண்டு சாக்ஸும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன, குணமாகத் தொடங்கிவிட்டான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. திங்களுக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன, நேற்று டாக்டர் மறுபடி பார்த்து, இனி யாருக்கும் தொற்றாது, அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தார். சில பொருக்குகள் இன்னும் உதிரவில்லை, நெற்றியில் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் தயங்கினால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் பேச்சை அவர்கள் கேட்பார்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை, அவன் தோழி தினமும் நோட்டுகளை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள், உள்ளே வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கணக்கையும் தமிழையும் எழுதி முடித்துவிட்டான். அறிவியலில் பாதிதான் எழுதியிருக்கிறான், செவ்வாய்க்கிழமை நடந்த அறிவியல் தேர்வையும் எழுதவில்லை. அதை இந்த வாரமே வைத்தாலும் சரி, அடுத்த வாரம் வைத்தாலும் சரி, முதல் நாள் சொன்னால் படித்துவிட்டு வருவான்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னான். வெள்ளிக்கிழமை நடந்த பாட்டு ஒப்புவித்தலுக்கு அவன் ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தான். தினமும் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று சொல்வான், நடுவில் நாங்கள் பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அன்று காலையில் வகுப்பில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, போர்வைக்குள் படுத்தபடியே முழுப் பாட்டையும் சொல்லி முடித்தான், ஒரு வரிகூட விடவில்லை. மதிப்பெண் போடாவிட்டாலும் பரவாயில்லை, வகுப்பில் ஒருமுறை சொல்ல விடுவீர்களா என்று கேட்கிறான். முடிந்தால் ஐந்து நிமிஷம் ஒதுக்கிக் கொடுங்கள்.

பதிவேட்டு விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் காலை பள்ளி தொடங்குவதற்கு முன்பே நான் தகவல் சொல்லியிருந்தேன், என் போனில் அந்த அழைப்புகள் நேரத்தோடு இருக்கின்றன, வேண்டுமென்றால் வந்து காட்டுகிறேன். எனவே அதை "மருத்துவ விடுப்பு" என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். போன் எடுத்தவர்களைத் திட்டவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை, காலை நேரத்தில் அந்த அறையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தொற்றுநோய் என்று ஒரு பெற்றோர் சொன்னால் அதையாவது அன்றைக்கே வகுப்புக்குத் தெரிவிக்க ஒரு வழி செய்யச் சொல்லி அலுவலகத்தில் பேசுங்கள் டீச்சர். இந்த முறை நல்லவேளையாக இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் வேறு பிள்ளைகளுக்குப் புள்ளி ஏதாவது தெரிந்தால் அது இந்த வாரமோ அடுத்த வாரமோதான் வெளியே வரும், தொற்றியதிலிருந்து பத்து முதல் இருபத்தொரு நாள் வரை ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். மற்ற பெற்றோர்களிடம் சொல்வதாக இருந்தால் கவின் பெயரைச் சொல்லியே சொல்லலாம், எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

கேலமைன் பாட்டிலைப் பையின் முன் அறையில் வைத்திருக்கிறேன். மத்தியானம் அரிக்கிறது என்றால் அவனே தடவிக்கொள்வான், அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
மீனா
(கவினின் அம்மா)

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ்